தவறான விடைக்கும் மதிப்பெண் தரும் இயற்கணித வினாவை அமைப்பது எப்படி?

நான்கு படிகள் கொண்ட ஒரு சமன்பாட்டில் மாணவர் மூன்று படிகளைச் சரியாகச் செய்து, ஓரிடத்தில் கழித்தல் குறியைத் தவறவிட்டால் இறுதி விடை தவறிவிடும். அவருக்கு எத்தனை மதிப்பெண் தருவது என்பதை விடைத்தாள் கைக்கு வந்த பிறகு யோசிப்பவர்கள்தாம் அதிகம். அப்போது திருத்துபவரின் மனநிலைதான் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும். அதை வினா எழுதும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

பலரும் சரியான தீர்வை எழுதி, வரிக்கு ஒரு மதிப்பெண் என்று பிரித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அது பாதி வேலைதான். மாணவர்கள் செய்யக்கூடிய தவறுகளை நாமே வேண்டுமென்றே செய்து, அந்த வினாவைப் பலமுறை தவறாகத் தீர்த்துப் பார்ப்பது மீதிப் பாதி. ஒரு வினாவை எடுத்துக்கொண்டு முழுவதுமாகச் செய்து பார்க்கலாம்.

படி 1: சரியான தீர்வும் அதன் திருப்பங்களும்

வினா இது:

3(2x − 5) − 2(x − 4) = 13

சரியான தீர்வு:

6x − 15 − 2x + 8 = 13
4x − 7 = 13
4x = 20
x = 5

மாணவர் எங்கெங்கே முடிவெடுக்கிறார் என்று பாருங்கள். அடைப்புக்குறிகளை விரிப்பது ஒரு முடிவு. எண்ணை மறுபக்கம் கொண்டுபோவது இன்னொரு முடிவு. மற்றவையெல்லாம் கணக்கிடுதல். ஒரே வரியில் இரண்டு படிகளை முடித்துவிடும் மாணவரும் உண்டு, ஒரு படியை மூன்று வரிகளில் எழுதுபவரும் உண்டு. ஆகவே மதிப்பெண்ணை வரிகளுக்குத் தராமல் முடிவுகளுக்குத் தர வேண்டும்.

இந்த வினாவுக்கு நான்கு மதிப்பெண் வைக்கலாம். விரிக்கும் முறைக்கு ஒன்று, விரிவு முழுக்கச் சரியாக இருப்பதற்கு ஒன்று, எண்ணை மறுபக்கம் கொண்டுபோகும் முறைக்கு ஒன்று, இறுதி விடைக்கு ஒன்று. முதலாவதும் மூன்றாவதும் முறை மதிப்பெண்கள். எண் பிசகினாலும் கிடைக்கும். மற்ற இரண்டும் சரித்தன்மைக்கு உரியவை.

படி 2: 'முறை சரி' என்றால் என்ன என்பதை எழுதுவது

'விரிக்க முயன்றால் ஒரு மதிப்பெண்' என்று விடைக்குறிப்பில் எழுதினால் அது உதவாது. முயன்றாரா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்? தாளைப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஒன்றை எழுத வேண்டும். நான் இப்படி எழுதுவேன்: 'விரிவில் நான்கு உறுப்புகள் இருக்க வேண்டும், அவற்றில் குறைந்தது மூன்று குறியோடு சரியாக இருக்க வேண்டும்.' இப்போது இருவர் திருத்தினாலும் ஒரே முடிவுக்கு வருவார்கள்.

மூன்று என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. ஒரு குறியோ ஒரு பெருக்கலோ தவறினால் ஓர் உறுப்புதான் கெடும். இரண்டு உறுப்புகள் கெட்டிருந்தால் பெரும்பாலும் அது கவனக்குறைவல்ல; விரிக்கத் தெரியவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

படி 3: தவறாகத் தீர்த்துப் பார்ப்பது

இதுதான் இந்த வேலையின் மையம். வெற்றுத்தாளை எடுத்து, எதிர்பார்க்கக்கூடிய தவறுகளை ஒவ்வொன்றாகச் செய்து கடைசிவரை போக வேண்டும்.

−2ஐ −4ஆல் பெருக்கி −8 என்று எழுதும் மாணவர் 4x − 23 = 13 என்று போய் x = 9 என்று முடிப்பார். −2ஐ முதல் உறுப்போடு மட்டும் பெருக்கி, −4ஐ அப்படியே விட்டவருக்கு 4x − 19 = 13, x = 8. முதல் அடைப்புக்குறியில் 5ஐ 3ஆல் பெருக்க மறந்தவருக்கு 4x + 3 = 13, x = 2.5. விரிவு முழுக்கச் சரியாக இருந்தும் −7ஐ மறுபக்கம் கொண்டுபோகும்போது குறியை மாற்றாதவருக்கு 4x = 13 − 7, x = 1.5.

ஐந்து வழிகள், ஐந்து வேறு விடைகள்: 5, 9, 8, 2.5, 1.5. இந்த எண்கள் நமக்கு நன்றாக அமைந்துவிட்டன. 9 என்ற விடையைக் கண்டதுமே தாளில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. விரிவில் +8 என்று சரியாக எழுதிவிட்டு −15 + 8 = −23 என்று கூட்டியவருக்கும் 9தான் வரும் என்பதால், படிகளைப் பார்க்காமல் விடையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எல்லா வினாவும் இப்படி ஒத்துழைக்காது. 'x² = 4xஐ நிறைவு செய்யும் மிகை எண்ணைக் காண்க' என்ற வினாவைப் பாருங்கள். இருபக்கமும் xஆல் வகுத்து x = 4 என்று எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். x பூச்சியமாகவும் இருக்கலாம் என்பதை அவர் யோசித்தாரா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. 'எல்லாத் தீர்வுகளையும் காண்க' என்று கேட்டால்தான் அது வெளிப்படும். தவறான வழி சரியான விடையில் போய் நின்றால், எண்ணை அல்லது கேள்வியை மாற்றியே ஆக வேண்டும். விடைக்குறிப்பால் அதைச் சரிக்கட்ட முடியாது.

படி 4: ஒரு தவறுக்கு எத்தனை முறை தண்டனை?

−8 என்று எழுதிய மாணவரைத் திருத்துவோம். நான்கு உறுப்புகளில் மூன்று சரி, எனவே விரிக்கும் முறைக்கு 1. விரிவு முழுக்கச் சரியில்லை, 0. −23ஐ 13 + 23 என்று சரியாகவே மறுபக்கம் கொண்டுபோயிருக்கிறார், 1. இறுதி விடை 9. இதற்கு என்ன தருவது?

5 மட்டுமே ஏற்கப்படும் என்றால் அவருக்கு 4க்கு 2. ஒரே ஒரு குறித் தவறுக்கு இரண்டு மதிப்பெண் போகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆகவே இறுதி மதிப்பெண்ணைத் தொடர் மதிப்பெண்ணாக வைப்பேன்: மாணவர் தம் சொந்த விரிவிலிருந்து பிழையின்றிக் கணக்கிட்டு வரும் விடைக்கு 1. அப்போது அவருக்கு 3. விடை 8 என்றும் 2.5 என்றும் முடித்தவர்களுக்கும் அதே 3.

இதைக் கட்டில்லாமல் விட்டால் குழப்பம்தான் மிஞ்சும். இரண்டு நிபந்தனைகள் வேண்டும். இரண்டு முறை மதிப்பெண்களும் பெற்றவருக்கே தொடர் மதிப்பெண் என்பது ஒன்று. அதனால்தான் குறி மாற்றாமல் 1.5 என்று முடித்தவருக்கு விரிவுக்கான 2 மட்டும் கிடைக்கிறது. அவர் தவறியது முறையில். 4x = 13 + 7 என்று சரியாக எழுதிவிட்டு 19 என்று கூட்டியவருக்கோ 3 கிடைக்கும், ஏனெனில் அவர் தவறியது கூட்டலில். அவர் 13 + 7 என்பதைக் காட்டாமல் நேராக 4x = 19 என்று எழுதியிருந்தால் முறை மதிப்பெண் தர ஆதாரம் இல்லை என்பதையும் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

தவறு வினாவை எளிதாக்கியிருக்கக் கூடாது என்பது மற்றொன்று. இரண்டாவது அடைப்புக்குறியையே விட்டுவிட்டு 6x − 15 = 13 என்று தொடங்குபவருக்கு ஒத்த உறுப்புகளைச் சேர்க்கும் வேலையே இல்லை. அவர் 6x = 28, x = 14/3 என்று பிழையின்றி முடித்தாலும் மறுபக்கம் கொண்டுபோன முறைக்கு 1 மட்டுமே.

படி 5: வெறும் விடை எழுதுபவர்

x = 5 என்று மட்டும் எழுதிய தாள் நிச்சயம் வரும். சிறிய முழு எண்களைப் பிரதியிட்டுப் பார்த்தாலே இந்த விடை கிடைத்துவிடும். வினாவிலேயே 'படிகளைக் காட்டித் தீர்க்கவும். படிகள் இல்லாத விடைக்கு 1 மதிப்பெண் மட்டும்' என்று அச்சிட்டுவிட வேண்டும். அறிவிக்காமல் வெட்டினால் மாணவர் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

இன்னொரு வழி, வலப்பக்க 13ஐ 12 ஆக்குவது. விடை 19/4 ஆகிவிடும், ஊகிப்பது கடினம். பின்னம் வந்தாலே 'தவறிவிட்டோம்' என்று சந்தேகப்பட்டு அழிக்கும் பழக்கம் மாணவர்களுக்கு உண்டு, சரியாகச் செய்தவரும் அழித்துவிடலாம். தொடக்கநிலை வகுப்புக்கு நான் 13ஐயே வைத்துக்கொள்வேன்.

படி 6: பாதியில் இடிந்துவிடும் வினா

ஒருபடிச் சமன்பாட்டில் தவறு செய்தவரும் ஏதோ ஒரு விடைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். இருபடிச் சமன்பாட்டில் அப்படியில்லை. 'ஒரு செவ்வகத்தின் நீளம் அகலத்தைவிட 3 செ.மீ. அதிகம், பரப்பளவு 40 ச.செ.மீ.; சுற்றளவைக் காண்க' என்று கேட்கிறோம். அகலம் w என்றால் w(w + 3) = 40, அதாவது w² + 3w − 40 = 0. காரணிப்படுத்தினால் (w + 8)(w − 5) = 0, அகலம் 5, சுற்றளவு 26 செ.மீ.

40ஐ இடப்பக்கம் கொண்டுவரும்போது குறி மாற்றாதவர் w² + 3w + 40 = 0 என்று எழுதுவார். இதன் தன்மைகாட்டி 9 − 160 = −151. மெய்த் தீர்வே கிடையாது. காரணிப்படுத்தத் தெரிந்தும், குறை எண்ணை விலக்கத் தெரிந்தும் அவரால் எதையும் காட்ட முடியாது. எவ்வளவு தாராளமான விடைக்குறிப்பும் இங்கே பயன்படாது.

இதற்கு மருந்து வினாவைப் பிரிப்பது. (அ) 'w² + 3w − 40 = 0 எனக் காட்டுக.' (ஆ) 'இதைத் தீர்த்துச் சுற்றளவைக் காண்க.' முதல் பகுதியில் தடுக்கியவரும் இரண்டாவதைப் புதிதாகத் தொடங்கலாம். முடிவு கையில் கொடுக்கப்பட்டிருப்பதால் சிலர் பின்னோக்கி வந்து ஒட்டவைப்பார்கள். எனவே (அ)வின் மதிப்பெண்ணை w(w + 3) = 40 என்று அமைப்பதற்குத் தாருங்கள்; கடைசி வரிக்குத் தராதீர்கள்.

படி 7: இன்னொருவர் கையில் கொடுப்பது

விடைக்குறிப்பு முடிந்ததும், நீங்கள் செய்து பார்த்த தவறான தீர்வுகளை மதிப்பெண் போடாமல் சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். மதிப்பெண் எங்கே வேறுபடுகிறதோ அங்கே உங்கள் வாக்கியம் தளர்வாக இருக்கிறது. வேறு வழியில் தீர்த்த ஒரு தாளையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நம் முதல் வினாவையே 3(2x − 5) = 13 + 2(x − 4) என்று மாற்றி, 6x − 15 = 13 + 2x − 8 என்று விரிக்கும் மாணவர் இருப்பார். இது முற்றிலும் சரியான தீர்வு. ஆனால் குறிப்பில் 'இடப்பக்கத்தில் நான்கு உறுப்புகள்' என்றோ '+8 இருக்க வேண்டும்' என்றோ எழுதியிருந்தால், கண்டிப்பான திருத்துபவர் அவருக்குப் பூச்சியம் போட்டுவிடுவார். 'எந்தப் பக்கத்தில் இருந்தாலும், அந்தப் பக்கத்துக்குரிய குறியோடு' என்ற சொற்களைச் சேர்த்துவிட்டால் அந்தத் தாளுக்கும் 4 கிடைக்கும்.