சுருக்கத்தில் உள்ள எண்ணும் அட்டவணையில் உள்ள எண்ணும்: ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் முறை

நீண்ட அறிக்கையின் முதல் இரண்டு பக்கங்களில் வரும் நிர்வாகச் சுருக்கத்தைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். அதில் உள்ள எண்கள் பின்னால் இருக்கும் அட்டவணைகளோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் வேலை போன மாதம் என்னிடம் வந்தது. தொழில் பயிற்சித் திட்டம் ஒன்றின் மதிப்பீட்டு அறிக்கை அது, 140 பக்கம். நான் செய்த விதத்தை வரிசையாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்காக எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

1. ஒரே பதிப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

சுருக்கம் ஒரு கோப்பிலும் அட்டவணைகள் இன்னொரு கோப்பிலும் இருந்தால், இரண்டும் கடைசிப் பதிப்புதானா என்று முதலில் கேட்டுவிடுங்கள். நீங்கள் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே யாராவது அட்டவணையைத் திருத்தினால் முழு வேலையும் வீண்.

2. சுருக்கத்தை அச்செடுத்து எண்களுக்கு வட்டம் போடுங்கள்

இதற்குத் திரையைவிடக் காகிதமே எனக்குப் பிடிக்கும். திரையில் படித்தால் கண் வாக்கியத்தின் பின்னாலேயே ஓடிவிடுகிறது, எண்ணில் நிற்பதில்லை.

இலக்கத்தில் எழுதியதற்கு மட்டும் வட்டம் போட்டால் போதாது. ‘பாதிக்கு மேல்’, ‘மூன்றில் ஒருவர்’, ‘இருமடங்கு’, ‘மிக அதிகம்’ எல்லாமே எண்தான். ‘பெண்களிடையே மிக அதிகம்’ என்று இருந்தால், அட்டவணையில் மற்ற எல்லாப் பிரிவுகளையும் பார்த்தால்தான் அது உண்மையா என்று தெரியும். என் அறிக்கையில் இலக்கத்தில் இருந்தவை 31, சொல்லில் இருந்தவை 9.

3. ஒரு ஷீட் தயார் செய்யுங்கள்

எக்செல் போதும், வேறு எந்தக் கருவியும் தேவையில்லை. வட்டம் போட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. நான் வைத்த பத்திகள்: A-யில் சுருக்கத்தின் வாக்கியம், B-யில் அட்டவணை எண், C-யில் சுருக்கம் சொல்லும் சதவீதம், D-யில் அட்டவணையில் உள்ள எண்ணிக்கை, E-யில் வகுக்கும் எண், F-யில் ‘யாரில்?’, G-யில் முடிவு. G2-வில் இந்தச் சூத்திரத்தைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(ROUND(D2/E2*100,0)=C2,"சரி","பார்க்க")
```

C-யில் 68 என்று மட்டும் அடியுங்கள். 68% என்று அடித்தால் எக்செல் அதை 0.68 ஆக வைத்துக்கொள்ளும், எதுவும் பொருந்தாது. சுருக்கம் ஒரு தசம இடம் வரை சொன்னால் அந்த வரிசையில் மட்டும் சூத்திரத்தின் 0-வை 1 ஆக்குங்கள். சதவீதமாக இல்லாத எண்களுக்குச் சூத்திரம் வேண்டாம், கண்ணால் ஒப்பிட்டு முடிவை எழுதினால் போதும்.

4. அட்டவணைக்கே போங்கள்

Ctrl+F-இல் 68 என்று தேடி, நடுப்பக்கங்களில் எங்காவது 68 வந்ததும் ‘சரி’ போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. நடு அத்தியாயத்தின் பத்தியும் சுருக்கமும் பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்று நகலெடுத்தவை. ஒன்றில் தவறு இருந்தால் மற்றதிலும் அதே தவறு இருக்கும், இரண்டும் அழகாகப் பொருந்தவும் செய்யும். எண்ணிக்கைகள் உள்ள அட்டவணைதான் சாட்சி. அதிலும் முதலில் வரிசைகளைக் கூட்டி, மொத்தம் சரியாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

5. ‘யாரில்?’ என்ற பத்தியை நிரப்புங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுருக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: ‘பயிற்சியை முடித்தவர்களில் 68 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் வேலை பெற்றனர்.’ அட்டவணை 14-இன் கடைசி வரியில் 68.0 என்று தெளிவாக இருந்தது. முதல் சுற்றில் ‘சரி’ போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். இரண்டாம் சுற்றில்தான், சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் எண்ணிக்கையிலிருந்து நானே கணக்கிட உட்கார்ந்தேன்.

பயிற்சியில் சேர்ந்தவர்கள் 1,250. முடித்தவர்கள் 1,000. ஆறு மாதம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 800. அவர்களில் அதற்குள் வேலை பெற்றிருந்தவர்கள் 544. 544-ஐ 800-ஆல் வகுத்தால்தான் 68 வருகிறது. முடித்தவர்கள் 1,000 பேரால் வகுத்தால் 54.4. சேர்ந்தவர்களால் வகுத்தால் 43.5. எண்ணில் பிழையே இல்லை, அதற்கு முன்னால் இருந்த சொல்தான் பிழை. ‘பதில் அளித்தவர்களில்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘முடித்தவர்களில்’ என்று எழுதியிருந்தார்கள். பதில் சொல்லாத 200 பேரும் அதே விகிதத்தில் வேலை பெற்றிருப்பார்கள் என்று சொல்ல அறிக்கையில் எந்த ஆதாரமும் இல்லை.

அதனால் F பத்தியில் சுருக்கத்தின் சொல்லை எழுதாதீர்கள். அட்டவணையின் தலைப்பிலும் அடிக்குறிப்பிலும் உள்ள சொல்லை அப்படியே எழுதுங்கள். பிறகு A-யையும் F-யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இதைச் சூத்திரம் பார்த்துச் சொல்லாது, நீங்கள்தான் படிக்க வேண்டும். எங்கள் அட்டவணையில் ‘பதில் அளித்தோர்’ என்ற குறிப்பு சின்ன எழுத்தில் அடியில்தான் இருந்தது.

6. முழுமையாக்கிய எண்கள்

முதல் மாதத்திலேயே விலகியவர்கள் 1,250-இல் 156 பேர், அதாவது 12.48 சதவீதம். அட்டவணை இதை 12.5 என்று அச்சிட்டிருந்தது. சுருக்கம் எழுதியவர் அந்த 12.5-ஐப் பார்த்து 13 என்று எழுதிவிட்டார். நேராக முழுமையாக்கினால் 12. ஒருமுறை முழுமையாக்கியதை மறுபடி முழுமையாக்கினால் இப்படித்தான் நகரும். D, E பத்திகளில் சதவீதத்தைப் போடாமல் எண்ணிக்கையைப் போடச் சொன்னது இதற்காகத்தான். இந்த வரிசையில் சூத்திரமே ‘பார்க்க’ என்று காட்டிவிடும்.

7. ‘உயர்ந்தது’, ‘குறைந்தது’

முந்தைய ஆண்டில் இதே அளவு 50 சதவீதமாக இருந்தது என்று வையுங்கள். 50-இலிருந்து 68-க்குப் போனால் அது 18 சதவீதப் புள்ளி உயர்வு. சதவீதமாகச் சொன்னால் 36 சதவீத உயர்வு. ‘18 சதவீதம் உயர்ந்தது’ என்று எழுதினால் தவறு. சுருக்கத்தில் இந்த வினைச்சொற்கள் வரும் ஒவ்வொரு இடத்திலும் நின்று பாருங்கள்.

8. பொருந்தவில்லை என்றால்

சுருக்கத்தை உடனே திருத்திவிடாதீர்கள், தவறு அட்டவணையிலும் இருக்கலாம். எனக்கு மொத்தம் ஆறு வரிசைகள் பொருந்தவில்லை. அவற்றில் ஒன்றில் சுருக்கம் சரியாக இருந்தது, அட்டவணையில்தான் ஒரு வரிசை விடுபட்டிருந்தது. வாக்கியம், அட்டவணை எண், இரண்டு மதிப்புகள் ஆகியவற்றைத் தேதியோடு எழுதி, தரவைக் கையில் வைத்திருப்பவருக்கு அனுப்புங்கள். அவர் திருத்தியதும், அந்த அட்டவணையைத் தொடும் எல்லா வரிசைகளையும் மறுபடி பாருங்கள். B பத்தியில் ஃபில்டர் போட்டால் ஒரு நிமிட வேலை.

பிற்சேர்க்கை: இரண்டு எண்ணும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றன, ஆனாலும் ‘பார்க்க’ என்றுதான் வருகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். பிடிஎஃப்-இலிருந்து நகலெடுத்து ஒட்டினால் எண், எழுத்தாக வந்து உட்கார்ந்துவிடும், கூடவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியும் ஒட்டிக்கொண்டு வரலாம். செல்லில் எண் இடதுபக்கம் ஒட்டி நின்றால் அதுதான் காரணம். பக்கத்தில் ஒரு காலி செல்லில் இதைப் போட்டு, வரும் மதிப்பை ‘வேல்யூஸ்’ ஆக C-யில் ஒட்டுங்கள்:

```
=VALUE(SUBSTITUTE(C2,CHAR(160),""))
```

நாற்பது எண்கள்தானே, நான் கையாலேயே அடித்துவிடுகிறேன். அடிக்கும்போது ஒவ்வொரு எண்ணையும் இன்னொரு முறை படித்த மாதிரியும் ஆகிறது. அந்த 68 சதவீத வாக்கியம் கடைசியில் இப்படி அச்சானது: ‘தொடர்புகொள்ள முடிந்த 800 பேரில் 68 சதவீதத்தினர் ஆறு மாதத்துக்குள் வேலை பெற்றிருந்தனர், பயிற்சி முடித்த மேலும் 200 பேரின் நிலை தெரியவில்லை.’