இத்தாலிய நாவலை ஆங்கிலமாக்கும்போது: எதை மாற்றுவது, எதை விடுவது

மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு வழிகள் உண்டு என்று ஜெர்மன் தத்துவவாதி ஷ்லையர்மாகர் 1813-இல் சொன்னார். ஒன்று, வாசகரை ஆசிரியரின் ஊருக்கு அழைத்துப் போவது. இன்னொன்று, ஆசிரியரை வாசகரின் ஊருக்கு அழைத்து வருவது. முதலாவதை அயலாக்கம் என்றும் இரண்டாவதை உள்நாட்டாக்கம் என்றும் சொல்லலாம். நாவல் முழுவதற்கும் ஒரே வழி என்று முதலிலேயே முடிவுகட்ட வேண்டாம். சொல் சொல்லாகப் பார்த்து முடிவெடுங்கள்.

படி 1. நாவலை ஒருமுறை முழுக்கப் படித்து, ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லாதவற்றைக் குறித்து வையுங்கள். பட்டப்பெயர்கள், விளிகள், பள்ளி வகைகள், உணவு எல்லாம் இதில் வரும். உணவுப் பெயர்களைப் பெரும்பாலும் அப்படியே விடலாம். சிக்கல் விளிகளில்தான்.

படி 2. ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்தச் சொல் கதையில் வேலை செய்கிறதா, வெறுமனே வந்து போகிறதா?

ஒரு கற்பனைக் கதையை எடுத்துக்கொள்வோம். 1950-களின் டூரின், ஒரு அலுவலகம். கணக்காளரை எல்லோரும் 'ராஜோனியேரே' என்று அழைக்கிறார்கள். அது கணக்கியல் டிப்ளமா பெற்றவருக்கான விளி. முதலாளி 'தொத்தோரே'. மருத்துவர் என்பதால் அல்ல, இத்தாலியில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற யாரையும் அப்படி அழைப்பார்கள். கடைசியில் கணக்காளரின் மகன் பட்டம் வாங்குகிறான், அப்பா அவனை 'தொத்தோரே' என்று அழைக்கிறார்.

'அக்கவுண்டன்ட்' என்று போட்டால் ஆங்கிலத்தில் யாரும் அப்படி விளிப்பதில்லை என்பதால் இடறும். 'மிஸ்டர்' போட்டால் வாக்கியம் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் இருவருக்கும் இடையிலான படிநிலை காணாமல் போகும். 'டாக்டர்' இன்னும் மோசம், மகன் வைத்தியம் படித்தான் என்றே வாசகர் நினைப்பார். இங்கே இத்தாலியச் சொற்களை வைத்துக்கொள்வதே சரி. இதே விளி ஒரு பக்கத்தில் மட்டும் வந்து போனால் 'மிஸ்டர்' போதும்.

படி 3. வைத்துக்கொண்ட சொல்லின் பொருளை முதல் தடவையே கதைக்குள் உணர்த்துங்கள். அடிக்குறிப்பு தேவையில்லை. 'டிப்ளமாவைச் சட்டமிட்டு மாட்டியிருந்த ராஜோனியேரே' என்ற அளவுக்குச் சேர்த்தால் போதும். அப்புறம் சாய்வெழுத்தும் வேண்டாம். பக்கமெங்கும் சாய்வெழுத்தாக இருந்தால் பாத்திரங்கள் அன்றாடம் பேசும் பேச்சே வினோதப் பொருளாகிவிடும்.

படி 4. 'து', 'லேய்' மாற்றத்தைத் தனியாகப் பாருங்கள். நம் நீ, நீங்கள் போலத்தான், ஆனால் ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றே. மாற்றம் நிகழும் காட்சியில் மட்டும், 'அவர் முதல்முறையாகத் து என்றார்' என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். மற்ற இடங்களில் குடும்பப் பெயரிலிருந்து முதற்பெயருக்கு மாறுவதே அந்த நெருக்கத்தைக் காட்டும். கதை 1938-க்குப் பிந்தைய பாசிச ஆட்சிக் காலத்தில் நடந்தால் கூடுதல் கவனம் தேவை. அப்போது அரசு 'லேய்'-யை விலக்கி, 'நீங்கள்' என்பதற்கான இன்னொரு சொல்லான 'வோய்'-யைத் திணித்தது. அந்தக் காலத்தில் ஒருவர் விடாப்பிடியாக 'லேய்' என்று பேசுவது அரசியலாகவே இருக்கலாம். அதை ஆங்கிலத்தில் மழுப்பக் கூடாது.

படி 5. எடுத்த முடிவுகளையும் காரணங்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு இத்தாலியன் தெரியாத ஒருவரிடம் முதல் அத்தியாயத்தைக் கொடுத்து, யார் யாருக்கு மேலே என்று கேளுங்கள். தவறாகச் சொன்னால் அதிகமாக மாற்றிவிட்டீர்கள். சொல்லுக்குச் சொல் நின்று அர்த்தம் கேட்டால், அதிகமாக விட்டுவைத்திருக்கிறீர்கள்.