தொகுதி இலக்கம் சரி என்றதும் சென்ற் வாங்கலாமா?

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வெளிநாட்டு உறவுகளோடு சென்ற் போத்தல்களும் வந்து சேரும். லண்டன் மாமா தந்தது, பாரிஸ் சித்தப்பா விட்டுப்போனது என்று அவற்றில் ஒரு பகுதி பிறகு விற்பனைக்கு வரும். டியோர் கம்பனியின் சோவாஜ் அவற்றில் அடிக்கடி காணும் பெயர். அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் போலி செய்யப்படுவதும் அதுதான். ஆகவே சோவாஜை வைத்தே சொல்கிறேன்.

இப்போது வாங்குபவர்களில் பலர் ஒரே ஒரு பரிசோதனைதான் செய்கிறார்கள். போத்தலின் அடியில் உள்ள தொகுதி இலக்கத்தை இணையத்தளம் ஒன்றில் போடுவார்கள். உற்பத்தித் திகதி வந்ததும் காசை எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். எல்லாத் தவறுகளுக்கும் தாய்த் தவறு இதுதான்.

அந்தத் தளங்களிடம் கம்பனியின் பதிவேடு கிடையாது. எந்தக் கம்பனி எந்த முறையில் இலக்கம் இடுகிறது என்ற விதி மட்டும் அவற்றிடம் இருக்கிறது. அந்த விதிப்படி திகதியைக் கணக்கிட்டுக் காட்டுகின்றன, அவ்வளவுதான். தொகுதி இலக்கம் ஒரு போத்தலுக்கு மட்டும் உரியதும் அல்ல. ஒரே தடவையில் தயாரான ஆயிரக்கணக்கான போத்தல்களில் அதே இலக்கம் இருக்கும். போலி செய்பவன் உண்மையான ஒரு போத்தலை வாங்கி அதன் இலக்கத்தை அப்படியே அச்சடித்தால், தளம் மறுக்காமல் திகதி சொல்லும். பார்கோடும் இப்படித்தான். 300 முதல் 379 வரையான எண்ணில் தொடங்கினால் பிரான்ஸில் பதிவானது என்பது சரி. ஆனால் கோடுகளைப் படியெடுக்க யாராலும் முடியும்.

அதற்காக இலக்கத்தைப் பார்க்காமலே விடவும் கூடாது. ஒரு போத்தலை உண்மை என்று நிரூபிக்க அதனால் முடியாது. பொய் என்று நிரூபிக்க நன்றாகவே முடியும்.

டியோர் இலக்கம் எண்ணும் எழுத்துமாக நான்கு குறிகள் கொண்டது. முதலில் வரும் எண் உற்பத்தி ஆண்டின் கடைசி இலக்கம். அண்மையில் ஒரு தம்பி சோவாஜ் வகைகளில் ஒன்றான எலிக்ஸர் 60 மி.லி. போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். பெட்டியில் `9X02` என்று இருந்தது. தளத்தில் போட்டால் 2019 என்று வருகிறது, ஆகவே சரிதான் என்றார். சோவாஜ் வரிசையின் ஓ டி டொய்லெட் வெளிவந்தது 2015 இல். ஓ டி பர்ஃபம் 2018 இல், பர்ஃபம் 2019 இல் வந்தன. எலிக்ஸர் 2021 இல்தான் வந்தது. சந்தைக்கு வர இரண்டு ஆண்டுகள் இருக்கையில் தயாரித்த எலிக்ஸர் எங்கிருந்து வரும்? திகதியைப் பார்த்தவர் அந்தத் திகதியில் அந்தச் சரக்கு இருந்ததா என்று பார்க்கவில்லை. வேறு சோவாஜ் ஒன்றின் பெட்டியிலிருந்து எடுத்த இலக்கமாக அது இருக்கலாம்.

அடுத்ததாகப் போத்தலைத் திருப்பிப் பார்த்தோம். அதில் வேறு இலக்கம் இருந்தது. ஐரோப்பியச் சட்டப்படி தொகுதி இலக்கம் போத்தலிலும் வெளிப்பெட்டியிலும் இருக்க வேண்டும். பெட்டியில் மட்டும் போடும் சலுகை மிகச் சிறிய போத்தல்களுக்கே உண்டு. 60 மி.லி. போத்தலில் இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மாறியிருந்தால் குறைந்தபட்சம் அந்தப் பெட்டி அந்தப் போத்தலுக்கு உரியதல்ல. அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

இலக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஓர் எண் மட்டும் ஆண்டைக் குறிப்பதால் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அது திரும்ப வரும். ஓ டி டொய்லெட் போத்தலில் 5 இல் தொடங்கும் இலக்கம் 2015 ஆகவும் இருக்கலாம், 2025 ஆகவும் இருக்கலாம். விற்பவர் புதியதைத்தான் சொல்வார். அப்போது பெட்டியில் உள்ள உள்ளடக்கப் பட்டியலைப் படியுங்கள். லிலியல் என்ற வாசனைப் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் 1 முதல் தடை செய்தது. பட்டியலில் அது பியூட்டைல்ஃபினைல் மெதைல்புரோப்பியோனல் என்ற நீண்ட பெயரில் இருக்கும். எந்தக் கம்பனியின் சென்றாக இருந்தாலும், அந்தப் பெயர் உள்ள ஐரோப்பியப் பெட்டி அந்தத் திகதிக்குப் பிறகு தயாரானதாக இருக்க முடியாது. பழைய போத்தல் கூடாது என்று நான் சொல்லவில்லை. இருட்டிலும் குளிர்ச்சியிலும் இருந்தால் பல ஆண்டுகள் நன்றாக இருக்கும். ஆனால் எங்கள் ஊர் வெயிலில் யன்னலோரத்திலோ காருக்குள்ளோ கிடந்ததென்றால், முதலில் எழும் பெர்கமொட் எலுமிச்சை மணம்தான் முதலில் கெடும். எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டு, அதற்கேற்ப விலையைக் குறையுங்கள்.

இனி மூடி. சோவாஜின் மூடி காந்தத்தால் மூடுவது. ஆகவே காந்தம் இழுக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு அது நல்ல சோதனைதான். இப்போது போலிகளிலும் காந்தம் வைக்கிறார்கள். அந்த இழுவை எப்படி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். உண்மையான மூடி கையில் பாரமாக இருக்கும். கழுத்துக்கு அருகே கொண்டுபோனதும் கடைசிச் சிறு இடைவெளியைத் தானே கடந்து, கனமான ஒரு சத்தத்தோடு உட்காரும். உட்கார்ந்த பின் விரலால் அசைத்தால் ஆடாது. போலியில் காந்தம் பலவீனமாக இருக்கும், அல்லது பிளாஸ்டிக் உரசி இறுகும். போத்தலை மட்டமான மேசையில் வைத்து மெல்லச் சுழற்றுங்கள். மூடி ஒரு பக்கம் சரிந்து ஓடினால் நன்றாகத் தெரியும். பிறகு மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். பசை வழிந்த தடமோ, கோணலாகப் பதிந்த உள்வளையமோ பெரிய கம்பனியின் தரப் பரிசோதனையைத் தாண்டி வருவது அரிது.

மூடிக்குக் கீழே ஸ்பிரே கழுத்தை இறுக்கும் வளையத்தை நான் இன்னும் கவனமாகப் பார்ப்பேன். உண்மையான வெற்றுப் போத்தலை வாங்கி, உள்ளே மலிவான திரவத்தை நிரப்பி விற்பதும் நடக்கிறது. அந்தப் போத்தலில் மூடி, கண்ணாடி, இலக்கம் மூன்றும் உண்மையாகவே இருக்கும். இறுக்கிய வளையத்தைக் குறடால் கிளப்பித் திரும்ப அழுத்தியிருந்தால், விளிம்பில் கீறலும் சுருக்கமும் நிற்கும். ஆனால் கழுத்து திருகிக் கழலுகிறது என்பதற்காக உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள். சோவாஜ் வரிசையில் மீள நிரப்பும் போத்தல்களைக் கம்பனியே விற்கிறது. அவற்றின் கழுத்து அப்படித்தான் இருக்கும்.

கண்ணாடியில் வருவது எதிர்மாறான தவறு. சிறு அச்சுக் கோடு ஒன்றைக் கண்டதும் நல்ல போத்தலையும் போலி என்று தள்ளிவிடுகிறார்கள். அச்சில் வார்த்த எந்தக் கண்ணாடியிலும் மெல்லிய கோடு இருக்கலாம். பார்க்க வேண்டியது அடித்தடிப்பின் சீர். போனின் டோர்ச்சைப் பின்னால் பிடித்தால் உட்பக்க அடி ஒரே மட்டமாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து, உள்ளே குமிழிகளும் நின்றால் சந்தேகப்படுங்கள். சோவாஜில் நிறம் கீழிருந்து மேலே படிப்படியாக மாறும். அந்த மாற்றத்தில் திடீர் வெட்டோ, பூச்சு வழிந்த தடமோ இருக்கக் கூடாது. ஒப்பிடும்போது அதே வகை, அதே அளவுப் போத்தலோடு ஒப்பிடுங்கள். எலிக்ஸரை ஓ டி டொய்லெட் படத்தோடு ஒப்பிட்டு நிறம் வேறு என்று சண்டை பிடித்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இவ்வளவும் பார்த்து முடித்த பிறகுதான் விலை. இங்கே இரண்டு திசையிலும் தவறு நடக்கிறது. மலிவு என்றால் போலி என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் போலியையும் இப்போது கூடிய விலைக்கு விற்கிறார்கள். 28,000 ரூபா கேட்கிறார், ஆகவே உண்மையாகத்தான் இருக்கும் என்ற நினைப்பை அவர்கள் நன்றாகவே அறிவார்கள். விலையை அத்தாட்சியாக எடுக்காமல், சாமான் தேறிய பிறகு கணக்காக எடுங்கள்.

60 மி.லி. எலிக்ஸர் ஒன்றின் கம்பனி விலை 130 யூரோ என்றும், ஒரு யூரோ 350 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். வாங்கும் நாளின் உண்மை எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். கம்பனி விலை 45,500 ரூபா ஆகிறது. போத்தலில் 40 மி.லி. மிச்சம் என்றால், விற்பவர் மில்லிலீற்றருக்கு 758 ரூபாப்படி 30,000 கேட்பார். கணக்கு சரிபோலத் தெரியும். ஆனால் ஐரோப்பாவில் அந்த விலைக்கு வாங்காதவர்கள் நிறையப் பேர். கழிவு விலைக் கடைகளில் 20, 30 வீதம் குறைத்தே வாங்கலாம். 30 வீதம் குறைத்துப் பார்த்தால் புதிய போத்தலே ஏறக்குறைய 32,000 ரூபாவுக்கு வரும். மில்லிலீற்றருக்கு 533 ரூபா. 40 மி.லி. 21,300 ரூபா. திறந்த போத்தல், பற்றுச்சீட்டும் இல்லை என்பதற்கு நான் ஐந்தில் ஒன்றைக் கழிப்பேன். 17,000 இல் பேச்சைத் தொடங்கி, பெட்டியும் பற்றுச்சீட்டும் இருந்தால் 21,000 வரை போகலாம். சீல் உடைக்காத புதிய போத்தலை ஒருவர் 12,000 க்குத் தருகிறார் என்றால், அவருக்கு அது எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேளுங்கள். விமான நிலையத்தில் வரியில்லாமல் வாங்கினேன் என்பது போதிய பதில் அல்ல. பிரான்ஸில் பெறுமதி சேர் வரி 20 வீதம். அதை நீக்கினாலும் 130 யூரோ 108 ஆகத்தான் குறையும்.

மிச்சம் எவ்வளவு என்பதை விற்பவரின் வாயிலிருந்து எடுக்காதீர்கள். டோர்ச் வெளிச்சத்தில் திரவமட்டத்தைக் கண்டு அடிமட்டத்தால் அளவுங்கள். அளக்கத் தொடங்கும் இடம் உட்பக்க அடி, மேசையில் தொடும் அடி அல்ல. நிறைந்த போத்தலில் திரவம் நிற்கும் உயரம் 6 செ.மீ., அடித்தடிப்பு 1 செ.மீ., இப்போது உள்ள திரவம் 4 செ.மீ. என்றால் மிச்சம் மூன்றில் இரண்டு, அதாவது 40 மி.லி. வெளியே இருந்து அளந்தால் ஏழில் ஐந்து என்று வரும், 43 மி.லி. அந்த 3 மி.லி. கண்ணாடிக்கு 1,600 ரூபா கொடுத்திருப்பீர்கள்.

டெஸ்டர் என்று சொல்லி விற்பவற்றில் கவனம் இன்னும் கூட வேண்டும். கடைகளில் மணந்து பார்க்க வைக்கும் டெஸ்டர் போத்தல் உண்மையாகவே உண்டு. வெறும் பெட்டியில் வரும், சிலவேளை மூடியும் இராது, விலையும் குறைவு. போலி விற்பவருக்கு இது வசதியான கதை, ஏனென்றால் நீங்கள் பார்க்க வேண்டிய மூடியும் பெட்டியும் ஒரேயடியாக இல்லாமல் போகின்றன. அப்படி வந்தால் கழுத்து வளையமும் போத்தலின் இலக்கமும் கண்ணாடியும்தான் மிச்சம். அதற்குப் பிறகு மணம். உண்மை என்று உறுதியான போத்தல் ஒன்று உறவினரிடம் இருந்தால், இரண்டையும் தனித்தனிக் கடதாசித் துண்டில் அடித்து, பெயர் எழுதி, பின்னேரம் வரை வைத்துவிட்டு மணந்து பாருங்கள். முதல் பத்து நிமிடத்துக்குப் போலியும் நன்றாகவே மணக்கும். விற்பவர் அதுவரை காத்திருக்க மாட்டேன் என்றால் வாங்க வேண்டாம்.