6லோபேன் ஹெடர் சுருக்கமும் ஒரு கோஆப் கோரிக்கையும்: பைட் பைட்டாக

ரயட் இயங்குதளம் ஏற்றிய இரு 802.15.4 கருவிகளும் ஒரு பார்டர் ரவுட்டரும் இயங்கிக்கொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். `/temp` என்ற வளத்துக்கு அனுப்பும் ஒரு `GET` கோரிக்கையில் ஐபிவி6 ஹெடருக்கு 40, யுடிபிக்கு 8, கோஆப்புக்கு 11 என மொத்தம் 59 பைட் தேவை. ரேடியோ ஃபிரேமின் உச்ச அளவே 127 பைட்தான்; அதிலும் ஒரு பங்கை மேக் அடுக்கு எடுத்துக்கொள்ளும். சுருக்கிய பின் அதே கோரிக்கை 20 பைட்டில் அடங்கிவிடுகிறது.

```
7E 77
F0 16 33 16 33 XX XX
42 01 1A 2B 5C D1 B4 74 65 6D 70
```

முதல் வரிதான் ஐபிவி6 ஹெடர் முழுவதும். ஹாப் லிமிட் 64 என்பதும், முகவரியின் பின்பாதியை மேக் முகவரியிலிருந்தே கணக்கிடலாம் என்பதும் அந்த இரண்டு பைட்டில் குறிக்கப்பட்டுவிடுகின்றன. இரண்டாம் வரியில் யுடிபி. `XX XX` என்பது செக்சம். மூன்றாம் வரியில் `B4`க்குப் பின் வருவது temp என்ற சொல்.

நான் இரண்டு நாள் தடுமாறிய இடம் அந்த `77`. லிங்க்-லோக்கல் முகவரியாக இருந்தால் அங்கே `33` இருக்கும். `77` என்றால் முகவரியின் முன்பாதியை 0ஆம் கான்டெக்ஸ்டிலிருந்து, அதாவது கருவிகள் வைத்திருக்கும் எண்ணிட்ட பிரிஃபிக்ஸ் அட்டவணையின் 0ஆம் பதிவிலிருந்து, எடுத்துக்கொள் என்று பொருள். ஆகவே அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் அந்த எண்ணுக்கு ஒரே பிரிஃபிக்ஸ் இருந்தாக வேண்டும். நானோ பார்டர் ரவுட்டரில் பிரிஃபிக்ஸை மாற்றிவிட்டு, பழைய எண் 0ஐயே அதற்கும் கொடுத்திருந்தேன். ஒரு கருவிக்கு மட்டும் புதிய அறிவிப்பு போய்ச் சேரவில்லை. லிங்க்-லோக்கல் பிங் குறையின்றி வேலை செய்தது, மேக் அடுக்கின் ஒப்புகையும் வந்தது, ஆனால் கோஆப் பதில் மட்டும் வரவில்லை. பெறும் கருவி தவறான முகவரியைக் கட்டியெழுப்பிக்கொண்டு, இது எனக்கு வந்ததல்ல என்று பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கைவிட்டுக்கொண்டிருந்தது. ஸ்னிஃபரில் ஒரே மெசேஜ் ஐடி (`1A 2B`) ஐந்து முறை, ஏறக்குறைய இருமடங்காகும் இடைவெளிகளில் தென்பட்டால் இந்தக் கோளாறைச் சந்தேகியுங்கள். உறுதி கோரும் கோரிக்கையை கோஆப் நான்கு முறை மறு அனுப்பல் செய்துவிட்டுத்தான் ஓயும்.

இரு கருவிகளிலும் இந்தக் கட்டளையை இட்டு, வரும் அட்டவணைகளை ஒப்பிடுங்கள்:

```
> 6ctx
```

புதிய பிரிஃபிக்ஸுக்குப் புதிய எண் கொடுப்பதே பாதுகாப்பான வழி. எண் 1 என்றால் முதல் வரி `7E F7 11` ஆகும். ஒரு பைட் கூடுதல், அவ்வளவே. பழைய எண்ணின் ஆயுள் எல்லாக் கருவிகளிலும் முடியும் வரை அதை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

பின்சேர்க்கை: கோரிக்கைக்குப் பதில் வந்தும் வயர்ஷார்க் செக்சம் பிழை காட்டுகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கான்டெக்ஸ்ட் வயர்ஷார்க்குக்கும் தெரிந்திருக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு பதிவைத் தொடங்கியிருந்தால், அமைப்புகளில் 6LoWPAN பகுதியில் Context 0 என்ற இடத்தில் பிரிஃபிக்ஸை நாமே தட்டச்சிட வேண்டும்.