விரல், தரை, கறுப்புத் திரை: எழுத்தே இல்லாமல் வந்த படத்தைப் புரிந்துகொள்வது எப்படி

ஒரு நாள் காலை 6:40க்குப் பெரியம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. திறந்து பார்த்தால் சிமெண்ட் தரையும் ஒரு செருப்பின் நுனியும். அடுத்த நிமிஷமே இன்னொரு படம், அது முழுக்க மங்கலான சிவப்பு. மூன்றாவது வெறும் கறுப்பு. எதிலும் ஒரு எழுத்துகூட இல்லை. "என்ன படம் பெரியம்மா?" என்று எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. கைபட்டுப் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் போனில் பேசும்போது அவரே கேட்டார்: "நேத்து ராத்திரி டாக்டர் என்ன சொன்னார்னு கேட்டியே, காலையிலேயே பதில் சொல்லிட்டேனே, வரலையா?"

அவர் சொல்லித்தான் இருக்கிறார், மூன்று முறை. மைக் என்று நினைத்துக் கேமராவை அழுத்திவிட்டுப் பேசியிருக்கிறார். பேச்சு காற்றோடு போய்விட்டது, எனக்குத் தரை மட்டும் வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு இப்படிப்பட்ட படம் யாரிடமிருந்து வந்தாலும் நான் அழிப்பதில்லை. கீழே சொல்லும் வரிசையில் பார்த்தால் பெரும்பாலும் ஐந்து நிமிஷத்தில் விஷயம் பிடிபட்டுவிடும்.

படி 1: படத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு முன், அரட்டையில் கொஞ்சம் மேலே போங்கள். கடைசியாக நீங்கள் ஒரு கேள்வி கேட்டிருந்து, அதற்கு இதுவரை பதில் வராமல் இருந்தால், இந்தப் படம்தான் அந்தப் பதிலாக இருக்க அதிக வாய்ப்பு. ஒரே நிமிஷத்துக்குள் இரண்டு மூன்று படங்கள் வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், ஏதோ சொல்ல முயன்று முயன்று பார்த்திருக்கிறார். தற்செயலாகக் கைபட்ட படம் பெரும்பாலும் ஒன்றோடு நின்றுவிடும்.

மேலே தவறிய அழைப்பு ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். அழைப்பும் கறுப்புப் படமும் அடுத்தடுத்து வந்திருந்தால், அல்லது தனியாக இருப்பவர் வழக்கமில்லாத நேரத்தில் அனுப்பியிருந்தால், மீதிப் படிகள் எல்லாம் அப்புறம். முதலில் போன் போட்டுப் பேசுங்கள்.

படி 2: படத்தைப் படியுங்கள்

இதற்குத் தனிச் செயலி எதுவும் வேண்டாம். போனோடு வரும் கேலரியிலேயே படத்தைத் திருத்தும் வசதி இருக்கும். அதில் வெளிச்சத்தைக் கூட்டினால் போதும்.

விரல் படம் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். விரலின் சதை வழியாக வெளிச்சம் ஊடுருவி வருவதால் அந்த நிறம். லென்ஸை ஒட்டியே விரல் இருப்பதால் ரேகை எல்லாம் தெரியாது, வெறும் மங்கல்தான். அறை இருட்டாக இருந்தால் இதே விரல் படம் கறுப்பாக வரும்.

தரைப் படம் என்றால் கேமரா சரியாக வேலை செய்திருக்கிறது, ஆனால் போன் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அதாவது அவர் போனை எதையும் படமெடுப்பதற்காக நீட்டிப் பிடிக்கவில்லை, திரையைப் பார்ப்பதற்காக மடிக்கு அருகில் பிடித்திருக்கிறார். பட்டனைத் தேடியிருக்கிறார். குரலில் பதில் சொல்ல முயன்றவரிடமிருந்து வருவது பெரும்பாலும் இந்தப் படம்தான்.

கறுப்புப் படத்தில்தான் கவனம் வேண்டும். வெளிச்சத்தை முழுசாகக் கூட்டிவிட்டு நான்கு ஓரங்களையும் பாருங்கள். ஒரு ஓரத்தில் மெல்லிய கோடாக வெளிச்சம் கசிந்தால் லென்ஸை ஏதோ பாதி மறைத்திருக்கிறது: விரல், துணி, போனின் உறை. படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பு தெரிந்தால் அது வெறும் இருட்டு அறை. எவ்வளவு கூட்டினாலும் அதே கறுப்பாகவே நின்றால், ஒன்று போன் மேஜையில் படுத்த நிலையில் லென்ஸ் முழுசாக மூடியிருக்கிறது, இல்லையென்றால் கேமராவே அணைக்கப்பட்டிருக்கிறது. கடைசியாகச் சொன்னதைக் கீழே இணைப்பு 2இல் விளக்கியிருக்கிறேன்.

ஒன்று சொல்ல மறந்துவிடக்கூடாது. வந்தது படம் இல்லாமல் தரையைக் காட்டும் சிறு வீடியோவாக இருந்தால், ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். வாட்ஸ்அப் கேமராவில் வெள்ளை வட்டத்தைத் தட்டினால் படம், அழுத்திப் பிடித்தால் வீடியோ. மைக்கைப் போலவே அழுத்திப் பிடித்துப் பேசியவரின் குரல் அந்த வீடியோவுக்குள் இருக்கும்.

படி 3: கேட்கும் விதம்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். "என்ன படம்?" என்று கேட்டால் பதில் வராது. ஏனென்றால் அவருக்குத் தான் படம் அனுப்பியதே தெரியாது. "ஏன் தரையைப் போட்டோ எடுத்தீங்க?" என்று கேட்டால் தப்புச் செய்துவிட்டோம் என்று பயந்து, அடுத்த முறை எதையுமே அனுப்ப மாட்டார்.

"காலையில எனக்கு என்ன சொல்ல வந்தீங்க?" என்று கேளுங்கள். பெரியம்மாவிடம் இதைக் கேட்டிருந்தால் காலையிலேயே எனக்கு டாக்டர் சொன்னது தெரிந்திருக்கும். எழுதிக் கேட்காமல் சாதாரண அழைப்பில் கேட்பது நல்லது. வீடியோ அழைப்பு வேண்டாம், அவர் மறுபடியும் கேமராவோடு போராட வேண்டியிருக்கும்.

படி 4: எங்கே தவறுகிறது என்று கண்ணால் பாருங்கள்

நேரில் போகும்போது, "நீங்க எப்பவும் அனுப்புற மாதிரி ஒண்ணு அனுப்புங்க" என்று போனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுச் சும்மா பாருங்கள். இடையில் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

பெரியம்மா செய்தது இதுதான். எழுதும் பெட்டியின் வலது ஓரத்தில் கேமரா குறி, அதை ஒட்டியே பச்சை வட்டத்தில் மைக். அவர் கட்டைவிரல் வந்து இறங்கியது கேமரா குறியின் மேல். உடனே திரை முழுக்கக் கேமரா திறந்துகொண்டது. கீழே நடுவில் பெரிய வெள்ளை வட்டம். "இதோ மைக்" என்று அதைத் தட்டினார், பேசினார். அப்புறம் பச்சை அம்புக்குறி கண்ணில் பட்டது. அதை அழுத்தினால் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அழுத்தினார். மூன்று தொடுதலும் அவர் கணக்கில் சரி.

இன்னொன்றும் கவனித்தேன். சில முறை அவர் மைக்கையே சரியாகத் தொட்டார், ஆனால் தொட்டவுடன் எடுத்துவிட்டார். அழுத்திப் பிடிக்கச் சொல்லி ஒரு சின்ன வரி ஆங்கிலத்தில் வந்து மறைந்தது. அதைப் படிக்க முடியாமல்தான் பக்கத்தில் இருப்பதை முயன்றிருக்கிறார்.

படி 5: சரிசெய்வது

முதலில் மைக்கைப் பூட்டக் கற்றுக்கொடுங்கள். மைக்கை அழுத்திப் பிடித்தபடியே விரலை மேலே நகர்த்தினால் பூட்டு விழும். அதன்பின் விரலை எடுத்துவிட்டு நிதானமாகப் பேசலாம், முடிந்ததும் அம்புக்குறி. இடது பக்கம் நகர்த்தினால் பதிவு ரத்தாகிவிடும், விரல் நடுங்குபவர்களுக்கு அது அடிக்கடி நடக்கும். அதனால் முழு நேரமும் பிடித்துக்கொண்டே பேசும் முறையை நான் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே இல்லை, பூட்டும் முறைதான். பெரியம்மாவுக்கு "தொடு, மேலே தள்ளு, பேசு" என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரே நாளில் பத்துப் பதிவு அனுப்பினார்.

அதிலும் கை தவறிக் கேமராவுக்கே போகிறது என்றால், வாட்ஸ்அப்புக்குக் கேமரா அனுமதியை எடுத்துவிடலாம். ஆண்ட்ராய்டில் வழி இது, போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறும்:

```
Settings > Apps > WhatsApp > Permissions > Camera > Don't allow
```

இதன்பின் கேமரா குறியைத் தொட்டால் அனுமதி கேட்கும் பெட்டிதான் வரும், படம் போகாது. கேலரியில் ஏற்கெனவே இருக்கும் படங்களை அனுப்புவதில் சிக்கல் இல்லை. கேமராவே பயன்படுத்தாதவருக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

இணைப்பு 1: மேலே உள்ளதைச் செய்தபின் வீடியோ அழைப்பில் அம்மாவின் முகம் தெரியவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஆமாம், வீடியோ அழைப்புக்கும் அதே அனுமதிதான். பேரப்பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேசுபவருக்கு இந்த வழி வேண்டாம், பூட்டும் பழக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இணைப்பு 2: "எங்கள் வீட்டில் எப்போது எடுத்தாலும் கறுப்புதான்" என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஒருவருடைய காரணம் போன் உறை. புத்தகம் போலத் திறக்கும் உறையின் மூடியைப் பின்பக்கம் மடித்துப் பிடித்தால், மூடியில் துளை இல்லாத உறைகளில் அது லென்ஸை மூடிவிடும். ஓரத்தில் கசியும் வெளிச்சம் அதன் அடையாளம். மற்றவருடையது வேறு. ஆண்ட்ராய்டு 12 முதல், திரையை மேலிருந்து கீழே இழுத்தால் வரும் பட்டன்களில் `Camera access` என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ள முடியும். அது அணைந்திருந்தால் எல்லாச் செயலியிலும் கேமரா கறுப்புதான். அவர் அப்பாவின் போனில் டார்ச் பட்டனுக்குப் பக்கத்தில் அது இருந்திருக்கிறது. திரும்பத் தொட்டு இயக்கியதும் சரியாகிவிட்டது.

இணைப்பு 3: உண்மையிலேயே படமெடுக்க நினைத்து விரல் விழுகிறவர்களுக்கு: பல போன்களில் லென்ஸ் பின்பக்க மூலையில் இருக்கிறது. போனின் தலைப்பக்கம் இடது கையில் வரும்படி படுக்கவைத்துப் பிடித்தால், இடது ஆள்காட்டி விரல் நேராக அந்த மூலைக்குப் போய்விடும். நிமிர்த்தி, கீழ்ப்பாதியில் பிடித்தால் விரல் படாது. திரையில் தட்டும்போது போன் சாய்ந்து தரை விழுகிறது என்றால், போனின் சொந்தக் கேமராவில் ஒலியைக் கூட்டும் பட்டனை அழுத்தி எடுக்கலாம், பல போன்களில் அதுவே படமெடுக்கும் பட்டனாகவும் வேலை செய்யும். பெரியம்மா இப்போது மருந்துச் சீட்டை இப்படித்தான் எடுத்து, அப்புறம் கேலரியிலிருந்து அனுப்புகிறார்.