பகடிவதைப் புகாருக்குப் பெற்றோர் எழுதும் பதில்: பள்ளியின் கடிதம் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லும்போது

தொடக்கநிலை 5இல் படிக்கும் மகனைப் பற்றி வகுப்பு ஆசிரியரிடமிருந்து இப்படி ஒரு மின்னஞ்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: “கடந்த சில வாரங்களாக உங்கள் மகன் ஒரு வகுப்புத் தோழரைப் பட்டப்பெயர் சொல்லித் தொடர்ந்து கேலி செய்து வந்துள்ளார். அவருடைய பென்சில் பெட்டியை ஒளித்துவைத்துள்ளார். செவ்வாய்க்கிழமை இடைவேளையின்போது மாடிப்படி அருகே அவரைத் தள்ளிவிட்டார். அந்த மாணவர் இப்போது பள்ளிக்கு வரவே அஞ்சுகிறார். தயவுசெய்து மகனிடம் பேசுங்கள்.” மகன் செய்ததாகச் சொல்லப்படுபவை எல்லாம் இதில் இருக்கின்றன. அவன் என்ன சொன்னான், அவனிடம் யாராவது கேட்டார்களா என்பது மட்டும் இல்லை.

இதைப் படிக்கும் தாய்க்கோ தந்தைக்கோ எழும் முதல் எண்ணம், “ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு எப்படி எழுதலாம்?” என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லும் விவரம் பொய்யான விவரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாதிக்கப்பட்டதாகச் சொல்லும் பிள்ளை முதலில் வந்து பேசுவதால், முதல் கடிதத்தில் அந்தப் பிள்ளையின் குரல் மேலோங்கியிருப்பது இயல்பு. ஆகவே நம் பதில் கடிதத்தின் வேலை மகனுக்காக வாதாடுவதன்று. விடுபட்ட பக்கத்தைப் பதிவுசெய்து, பள்ளி முழுமையாக விசாரிப்பதற்கு வழி செய்வதுதான்.

முதல் படி: அன்றே இரண்டு வரி மட்டும்

மின்னஞ்சல் வந்த அன்றோ மறுநாளோ சுருக்கமாகப் பதில் அனுப்புங்கள். “உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. இதை நாங்கள் முக்கியமாகக் கருதுகிறோம். மகனிடம் பேசிவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் விரிவாக எழுதுகிறோம்” என்பதே போதும். கோபம் தணிவதற்கு அவகாசம் கிடைக்கும். பெற்றோர் கண்டுகொள்ளவில்லை என்ற எண்ணமும் பள்ளிக்கு வராது. பள்ளி தொலைபேசியில் அழைத்திருந்தால் முதலில் பேசிவிடுங்கள். கடிதம் அதன்பின் வரட்டும்.

வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டாம். மற்ற பிள்ளையின் பெற்றோரை நேரடியாக அழைக்கவும் வேண்டாம். நல்லெண்ணத்தோடு அழைத்தாலும், புகாரைத் திரும்பப் பெறச் சொல்லி நெருக்கியதாக அது பின்னர் விளங்கிக்கொள்ளப்படலாம். சிங்கப்பூரின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம், 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து, ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவதையும் குற்றமாக்கியிருக்கிறது. கோபத்தில் அந்தப் பிள்ளையின் பெயரையும் படத்தையும் இணையத்தில் பகிர்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

இரண்டாம் படி: பள்ளியின் கடிதத்தை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்தல்

நன்றாக அமையும் பதிலுக்கும் சண்டையில் முடியும் பதிலுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்தப் படியில்தான் தீர்மானமாகிறது. கடிதத்தை அச்சிட்டு ஒவ்வொரு வாக்கியத்தின் அருகிலும், “இது யாருக்கு எப்படித் தெரியும்?” என்று எழுதிப் பாருங்கள். பெரியவர் ஒருவர் கண்டதோ குறுஞ்செய்தியாகவோ படமாகவோ பதிவானதோ ஒரு வகை. பிள்ளைகளில் ஒருவர் சொன்னது இரண்டாம் வகை. இவற்றிலிருந்து எழுதியவர் தாமே கொண்ட முடிவு மூன்றாம் வகை.

மேற்கண்ட மின்னஞ்சலை இப்படிப் பார்த்தால், தள்ளியதை ஆசிரியர் கண்டாரா, பிறர் சொல்லிக் கேட்டாரா என்பது தெளிவாக இல்லை. பென்சில் பெட்டி ஒளிக்கப்பட்டது ஒருமுறையா பலமுறையா என்பதும் இல்லை. “கடந்த சில வாரங்களாக”, “தொடர்ந்து” என்பவற்றுக்கு ஒரு தேதிகூடக் கொடுக்கப்படவில்லை. “அஞ்சுகிறார்” என்பதோ அந்தப் பிள்ளையின் மனநிலை. அதை நாம் மறுக்கவும் முடியாது, மறுக்கவும் கூடாது.

இவற்றுள் மிகுந்த எடை உள்ள சொல் “தொடர்ந்து” என்பதுதான். பிள்ளைகளுக்கிடையே வரும் சாதாரணச் சண்டையிலிருந்து பகடிவதையைப் பிரித்தறிய, புண்படுத்தும் நோக்கம் இருந்ததா, அது திரும்பத் திரும்ப நடந்ததா, இருவருக்கும் இடையே வலிமையில் ஏற்றத்தாழ்வு இருக்கிறதா என்ற மூன்றையும் பார்ப்பது வழக்கம். ஒருமுறை தள்ளியதும் தவறுதான்; அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அது வாரக்கணக்கில் நடந்த கொடுமையின் ஒரு பகுதியா, தனியாக நடந்த கைகலப்பா என்பதைப் பொறுத்துப் பள்ளி எடுக்கும் நடவடிக்கை மாறக்கூடும். எனவே தேதிகளைக் கேட்பது நம் உரிமை. அதே வேளையில், “இது பகடிவதையே அன்று” என்று முதல் கடிதத்திலேயே வாதம் செய்வது வீண். விவரங்கள் வந்தபின் அந்த வேறுபாடு தானாகவே தெரியவரும்.

மூன்றாம் படி: மகனிடம் கேட்டல்

தம்பி தங்கையோ பாட்டியோ அருகில் இல்லாத நேரத்தில், கடிதத்தைப் படித்துக் காட்டாமல் கேளுங்கள். “நீ அவனைத் தள்ளவில்லைதானே?” என்று கேட்டால், நாம் எதிர்பார்க்கும் பதில் எது என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும், அதையே சொல்வான். “செவ்வாய்க்கிழமை இடைவேளையில் என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்” என்று தொடங்கி, “அப்புறம்?”, “அப்போது அங்கே யார் இருந்தார்கள்?” என்று மட்டும் தொடருங்கள். சொன்னதை அவனுடைய சொற்களிலேயே தேதியிட்டு எழுதிவையுங்கள். பல நாள் திரும்பத் திரும்பக் கேட்டால் பிள்ளையின் நினைவில் நம் கேள்விகளும் கலந்துவிடும்.

நம் எடுத்துக்காட்டில் மகன் இப்படிச் சொல்வதாகக் கொள்வோம். பட்டப்பெயரை வகுப்பில் பலரும் சொல்கிறார்கள், அவனும் சொல்லியிருக்கிறான். பென்சில் பெட்டியை ஒருமுறை, வேறு இருவரோடு சேர்ந்து விளையாட்டாக ஒளித்துவைத்துப் பாடவேளை முடிவதற்குள் திருப்பிக் கொடுத்தான். வரிசையில் அந்த மாணவர் முதலில் இடித்ததால் அவன் திருப்பித் தள்ளினான். இதில் மறுப்பைவிட ஒப்புதலே அதிகம் இருப்பதைக் கவனியுங்கள். பல வேளைகளில் உண்மை இப்படித்தான் இருக்கும். ஒப்புக்கொண்டதைக் கடிதத்தில் விட்டுவிட்டு மறுப்பை மட்டும் எழுதினால், ஒரு பக்கத்தை மட்டும் சொல்லும் இரண்டாவது கடிதத்தை நாமே எழுதியவர்களாவோம்.

கைத்தொலைபேசியில் உள்ள எந்த உரையாடலையும் அழிக்க வேண்டாம். மகனுக்குப் பாதகமானவையும் அப்படியே இருக்கட்டும்.

நான்காம் படி: கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பள்ளிக்கு ஆங்கிலத்தில்தான் அனுப்புவோம் என்றாலும், என்ன சொல்லப்போகிறோம் என்பது மனத்தில் தெளிவதற்காக முதலில் தமிழிலேயே எழுதிப் பார்ப்பது நல்லது. மற்ற மாணவரின் பெயரைத் தெரிந்தாலும் எழுத வேண்டாம். நம் எடுத்துக்காட்டுக்கு உரிய கடிதம் ஏறக்குறைய இப்படி அமையும்:

> மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,
>
> புதன்கிழமை நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலுக்கு நன்றி. ஒரு மாணவர் பள்ளிக்கு வர அஞ்சுகிறார் என்று அறிந்து வருந்துகிறோம். அவர் பாதுகாப்பாக உணர வேண்டும் என்பதில் எங்களுக்கும் அக்கறை உண்டு.
>
> வியாழக்கிழமை மாலை மகனிடம் பேசினோம். பட்டப்பெயரைச் சொன்னதையும், பென்சில் பெட்டியை ஒருமுறை வேறு இருவருடன் சேர்ந்து ஒளித்துவைத்ததையும், செவ்வாய்க்கிழமை அந்த மாணவரைத் தள்ளியதையும் அவன் ஒப்புக்கொள்கிறான். இவை தவறு என்று அவனிடம் சொல்லியிருக்கிறோம்.
>
> இரண்டு விவரங்களில் அவன் சொல்வது உங்கள் மின்னஞ்சலிலிருந்து வேறுபடுகிறது. தள்ளுவதற்கு முன் வரிசையில் தான் இடிக்கப்பட்டதாகவும், பென்சில் பெட்டி தொடர்பாக வேறு எந்த நாளிலும் எதுவும் நடக்கவில்லை என்றும் சொல்கிறான். நாங்கள் அங்கே இல்லாததால் எது சரி என்று எங்களால் சொல்ல இயலாது. அவன் சொன்னபடி பதிவு செய்கிறோம்.
>
> கீழ்க்கண்டவற்றை அறிய விரும்புகிறோம். செவ்வாய்க்கிழமை நடந்ததை ஆசிரியரோ மற்ற ஊழியரோ நேரில் கண்டார்களா? “சில வாரங்களாக” என்பது எந்த நாட்களைக் குறிக்கிறது? மகனிடம் பள்ளி ஏற்கெனவே பேசியுள்ளதா, இல்லையெனில் எப்போது பேசும்?
>
> விசாரணை முடியும்வரை அந்த மாணவரிடமிருந்து விலகியிருக்குமாறு மகனிடம் சொல்லியிருக்கிறோம். இருவரின் இருக்கைகளையும் தள்ளி அமைப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. அடுத்த வாரம் திங்கள் அல்லது புதன் பிற்பகலில் உங்களைச் சந்திக்க இயலும்.

இந்தக் கடிதத்தின் வலிமை, “என் மகன் சொல்வது” என்ற எல்லையை அது எங்கும் தாண்டாததில் இருக்கிறது. “என் பிள்ளை பொய் சொல்ல மாட்டான்” என்று எழுதியபின், அவன் சொன்னதில் ஒன்று தவறாகிவிட்டால் மற்றவையும் நம்பப்படாமல் போகும். “ஒருதலைப்பட்சம்” என்ற சொல்லும் இதில் இல்லை. கேள்விகளே அந்த வேலையைச் செய்கின்றன. “யாராவது புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்” போன்ற வரியையும் தவிர்த்திருக்கிறோம், ஏனெனில் பிள்ளை ஒப்புக்கொண்டதற்கு நிபந்தனையோடு மன்னிப்புக் கேட்பது மன்னிப்பாகாது. மற்ற பிள்ளையின் குணம், குடும்பம், பழைய தவறுகள் எவையும் இங்கே வேண்டாம். அந்தப் பிள்ளையும் நம் மகனைத் துன்புறுத்தியதாகத் தெரியவந்தால், அதைத் தனிக் கடிதமாகத் தேதியோடு எழுதுங்கள். ஒரே கடிதத்தில் கலந்தால் அது பழிக்குப் பழியாகவே படிக்கப்படும்.

இந்த முறை பொருந்தாத இடம்

மற்ற பிள்ளைக்குக் காயம் ஏற்பட்டிருந்தாலோ, காவல்துறையில் புகார் செய்யப்பட்டிருந்தாலோ, பாலியல் தொடர்பான குற்றச்சாட்டாக இருந்தாலோ நடந்ததை விவரித்துக் கடிதம் எழுத வேண்டாம். கிடைத்ததை உறுதிசெய்யும் அந்த இரண்டு வரிகளை மட்டும் அனுப்பிவிட்டு முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். நாம் நல்லெண்ணத்தில் எழுதிய ஒப்புதலும் பின்னர் ஆவணமாகப் படிக்கப்படும்.

ஐந்தாம் படி: பள்ளியின் பதிலைப் படித்தல்

மற்ற மாணவரிடம் என்ன பேசினார்கள், அவருக்கு என்ன நடவடிக்கை என்பதைப் பள்ளி நமக்குச் சொல்லாமல் இருக்கலாம். அந்தரங்கம் கருதி அப்படிச் செய்வதை மறைப்பு என்று கொள்ள வேண்டாம். நாம் பார்க்க வேண்டியது வேறு. பதிலில் தேதிகள் வந்திருக்கின்றனவா? மகனிடம் யார், எப்போது பேசினார்கள் என்று இருக்கிறதா? சுற்றியிருந்த மற்ற மாணவர்களிடமும் கேட்டதாகச் சொல்கிறார்களா? இவை இருந்தால், முடிவு நமக்குப் பிடிக்காததாக இருந்தாலும் இரு பக்கமும் கேட்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

முதல் மின்னஞ்சலின் வாக்கியங்களே மீண்டும் வந்திருந்தால், விடை கிடைக்காத கேள்விகளை மட்டும் எடுத்துக்காட்டி, தொடக்கநிலை 5 மாணவர்கள் அனைவருக்கும் பொறுப்பான ஆசிரியருக்கு எழுதுங்கள். அதன்பின் துணை முதல்வர், முதல்வர் என்று போகலாம். கல்வி அமைச்சுக்கு எழுதுவது அதற்கும் பிறகுதான். முதல் கடிதத்தின் நகலையே அமைச்சுக்கு அனுப்பினால், வகுப்பு ஆசிரியர் அதன்பின் நம்மோடு மனம்விட்டுப் பேசத் தயங்குவார். நம் மகன் பள்ளியில் அன்றாடம் எப்படி இருக்கிறான் என்பதை நமக்குச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

சந்திப்பு நடந்தால், அன்று மாலையே பேசி முடிவானவற்றை நான்கைந்து வரிகளில் எழுதி, “நாங்கள் புரிந்துகொண்டது இது, தவறிருந்தால் திருத்துங்கள்” என்று ஆசிரியருக்கு அனுப்பிவையுங்கள். பென்சில் பெட்டிக்காகவும் தள்ளியதற்காகவும் மகன் கேட்க வேண்டிய மன்னிப்பை எப்போது, யார் முன்னிலையில் கேட்பது என்பதும் அந்த வரிகளில் இருக்கட்டும்.