ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது: வங்கிக்கு எழுதும் கடிதத்தின் முதல் பத்தி

ஏடிஎம்மில் நோட்டு வராமல் கணக்கில் மட்டும் பணம் கழிந்தால், பெரும்பாலும் அதுவே திரும்பி வந்துவிடும். வராவிட்டால் கடிதம்தான். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் பள்ளியில் எழுதியதுதான், அதை விடுங்கள். முதல் பத்திக்கு வருவோம்.

"பல வருடங்களாகத் தங்கள் வங்கியின் வாடிக்கையாளராக இருந்து வருகிறேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். கவுன்டரில் இருப்பவர் முதல் நாலு வரியைத்தான் பார்ப்பார். எவ்வளவு, என்றைக்கு, என்ன வேண்டும் என்ற மூன்றும் அதற்குள் இருக்க வேண்டும்.

தொகை சுலபம்: கழிந்த தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள்.

தேதியில்தான் சிக்கல். பாஸ்புக்கில் சில சமயம் அடுத்த வேலை நாள் தேதி விழுந்திருக்கும். நீங்கள் எழுத வேண்டியது மெஷின் முன்னால் நின்ற நாள், நேரத்தோடு. எஸ்எம்எஸ்ஸிலோ ஏடிஎம் சீட்டிலோ அது இருக்கும். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03/04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று குழப்பம் வரும்.

கணக்கெல்லாம் அந்த நாளிலிருந்துதான் ஓடுகிறது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, இப்படிக் கழிந்த பணத்தை அந்த நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் வங்கி திருப்பி வைக்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு ரூ.100 இழப்பீடு. இடையில் வரும் ஞாயிறும் விடுமுறையும் கணக்கில் சேரும்.

மார்ச் 3-ல் கழிந்தது, கடிதம் மார்ச் 20-ல் என்று வையுங்கள். கெடு மார்ச் 8. 9 முதல் 20 வரை 12 நாள், ரூ.1,200. பத்தி இப்படி வரும்:

"2025 மார்ச் 3 மாலை 6.40-க்கு தங்கள் பேருந்து நிலைய ஏடிஎம்மில் பணம் எடுத்தபோது, நோட்டு வராமல் என் கணக்கில் ரூ.10,000 (ரூபாய் பத்தாயிரம்) கழிக்கப்பட்டது. இத்தொகையையும், மார்ச் 9 முதல் வரவு வைக்கும் நாள் வரை நாளுக்கு ரூ.100 வீதம் இழப்பீட்டையும் (இன்று வரை ரூ.1,200) என் கணக்கில் வரவு வைக்க வேண்டுகிறேன்."

"தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால், "விசாரித்து வருகிறோம்" என்பதே பதிலாக வந்துவிடும். அதுவும் நடவடிக்கைதானே! "வரவு வைக்கும் நாள் வரை" என்பதையும் விடாதீர்கள். வெறும் 1,200 என்று எழுதினால், பணம் ஏப்ரலில் வந்தாலும் அதோடு நிறுத்திவிடுவார்கள்.

கணக்கு எண், எஸ்எம்எஸ்ஸில் உள்ள பரிவர்த்தனை எண், ஏடிஎம் எண் எல்லாம் இரண்டாவது பத்தியில். மின்னஞ்சலைவிட நேரில் கொடுப்பதே எனக்குப் பிடிக்கும்: இரண்டு பிரதி, ஒன்றில் தேதியோடு சீல். 30 நாளில் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in-ல் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அப்போது அந்தச் சீல் தேதி தேவைப்படும்.

பின்சேர்க்கை: வேறு வங்கியின் ஏடிஎம் என்றால் யாருக்கு எழுதுவது என்று சிலர் கேட்டிருந்தார்கள். உங்கள் கார்டைக் கொடுத்த வங்கிக்குத்தான். மாதிரியில் "தங்கள்" என்பதை எடுத்துவிட்டு, ஏடிஎம் எந்த வங்கியுடையது என்று எழுதுங்கள்.